வாக்கெடுப்புக்கு 12 நாள், விளம்பரமோ நிறுத்தப்பட்டது: அனுமதி வாங்க எத்தனை நாள் ஆகும்?

கேள்வி: "நாங்கள் சின்ன அமைப்பு, எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் இல்லை. ஆற்றில் ஆலைக்கழிவு கலப்பதைத் தடுக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வர இன்னும் 12 நாள் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் போட்ட விளம்பரத்தை, யார் பணம் கொடுத்தது என்ற அறிவிப்பு இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தேர்தலே இல்லாத எங்களுக்கு எதற்கு இந்த அனுமதி? வாங்க எத்தனை நாள் ஆகும்?"

இன்றைக்கே ஆரம்பித்தால் விளம்பரம் ஏழாவது அல்லது எட்டாவது நாள் ஓடத் தொடங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே முதல் தடவையில் சரியாக அமைந்தால் நான்கே நாளில்கூட முடிந்துவிடும். ஆனால் அமைப்புகளுக்கும் பிரசாரக் குழுக்களுக்கும் விளம்பரம் ஏற்றிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு, அப்படி அமைந்தது மிகவும் அபூர்வம். நாள் பிடிப்பது ஒரே ஒரு பெரிய காத்திருப்பால் அல்ல. மூன்று நான்கு சின்னக் காத்திருப்புகள் வரிசையாக நிற்கின்றன. முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. எதிலாவது ஒன்றில் திருப்பி அனுப்பினால் அந்த இடத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும். நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடு எதிலும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அங்கே கதையே வேறு, பிறகு வருகிறேன்.

"தேர்தலே இல்லாத எங்களுக்கு எதற்கு" என்பதற்குப் பதில் 2016இல் இருக்கிறது. அமெரிக்க அதிபர் தேர்தலைச் சுற்றி, ரஷ்யாவிலிருந்து இயங்கிய போலிக் கணக்குகள் சுமார் ஒரு லட்சம் டாலருக்கு ஏறக்குறைய 3,000 விளம்பரங்கள் வாங்கியிருந்ததாக ஃபேஸ்புக் 2017 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அதில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல. அந்த விளம்பரங்களில் மிகப் பெரும்பாலானவை தேர்தலையோ வேட்பாளர் பெயரையோ சொல்லவே இல்லை. இனம், குடியேற்றம், துப்பாக்கி உரிமை மாதிரி, மக்கள் இரண்டு பட்டு நிற்கும் விஷயங்களைத்தான் தொட்டன. ஆக, "வேட்பாளர் பெயர் வந்தால் மட்டும் சோதிப்போம்" என்று விதி வைத்திருந்தால் எந்த விளம்பரங்களால் பிரச்சினை வந்ததோ அவையே வலையில் விழுந்திருக்காது. அதனால்தான் 2018 மே மாதம் அமெரிக்காவில் இந்த அனுமதி முறை வந்தபோது தேர்தலோடு சமூகப் பிரச்சினைகளையும் ஒரே வகையில் சேர்த்தார்கள். ஒரு வெளிநாட்டுப் போலிக் கணக்குக்காக நெய்த வலையில் உங்கள் ஆற்று விளம்பரம் மாட்டியிருக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உங்களைத் தவறு செய்தவராகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் யார் என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எது சமூகப் பிரச்சினை என்பதற்கு ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் பத்துத் தலைப்புகள். மற்ற இடங்களில் சில தலைப்புகள் விடுபடும். குடிமை உரிமைகள், குற்றம், பொருளாதாரம், சுகாதாரம், குடியேற்றம், பாதுகாப்பும் வெளியுறவும் என்று போகும் அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அரசியலும் ஒன்று. தலைப்பைத் தொட்டதாலேயே விளம்பரம் அந்த வகைக்குள் வந்துவிடாது. அந்த விஷயத்தில் ஒரு பக்கம் நின்று பேசுகிறதா, விவாதிக்கிறதா, ஆதரவோ எதிர்ப்போ திரட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மூன்று வாக்கியங்களை வைத்துப் பாருங்கள். "எங்கள் வடிகட்டி தண்ணீரைச் சுத்தமாக்கும், இப்போது தள்ளுபடி" என்பது வெறும் வியாபாரம். "எங்கள் வடிகட்டியை வாங்குங்கள், ஆற்றைக் கெடுப்பவர்களை விடாதீர்கள்" என்பதில் பிரசாரம் கலந்திருக்கிறது. ஆனாலும் பொருளை விற்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் அனுமதி தேவைப்படாமல் போகலாம் என்று 2022இல் விதியைத் தளர்த்தினார்கள். "ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்தும் சட்டத்தை ஆதரியுங்கள்" என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை, முழுக்க அந்த வகைதான். உங்களுடையது இந்த மூன்றாவது.

இந்த இடத்தில் பலர் கேட்பது, "வார்த்தையைக் கொஞ்சம் மழுப்பி எழுதினால் தப்பிக்கலாமா?" என்று. முயன்று பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "சட்டம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நம் ஆறு, நம் பொறுப்பு" என்று போடுவார்கள். சோதனை விளம்பர வரிகளோடு நிற்பதில்லை. படத்தில் உள்ள எழுத்து, சொடுக்கினால் திறக்கும் பக்கம் எல்லாம் கணக்கில் வரும். அந்தப் பக்கத்தில் "உங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுங்கள்" என்று பெரிதாக இருந்தால் மழுப்பலுக்குப் பலன் இல்லை. அதைவிட மோசம், முதல் இரண்டு நாள் ஓடிவிட்டு மூன்றாம் நாள் நிறுத்தப்படுவது. உங்களுக்கு இப்போது நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். விளம்பரம் ஓடத் தொடங்கியதாலேயே அது தேறிவிட்டது என்று ஆகாது. பிறகும் திரும்பப் பார்ப்பார்கள்.

நிறுத்தியதை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாமா என்றால், உங்கள் விஷயத்தில் வேண்டாம். அந்த வகையில் வரவே வராத விளம்பரத்தைத் தவறாக நிறுத்தியிருந்தால் அது சரியான வழி. உங்களுடையது அந்த வகையில் வருவதுதான், அதனால் பதில் மாறப்போவதில்லை. காத்திருந்த நாள்கள்தான் போகும். நிறுத்தப்பட்டதற்கான காரணத்தில் அறிவிப்பு இல்லை என்று மட்டும் இருந்தால் அனுமதியை வாங்குவது ஒன்றே வேலை. வேறு காரணமும் சேர்ந்திருந்தால், உதாரணமாக படத்திலோ வாசகத்திலோ குறை சொல்லியிருந்தால், அதைத் தனியாகத் திருத்த வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அந்தக் குறை தானாகப் போகாது.

இனி அனுமதி வாங்கும் வழி. முதல் கட்டம், ஆளை அடையாளம் காண்பது. இது அமைப்புக்கு அல்ல, மனிதருக்கு. விளம்பரத்தை உருவாக்குபவர், திருத்துபவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக இதை முடித்திருக்க வேண்டும். தன் ஃபேஸ்புக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைக்க வேண்டும். எந்த நாட்டில் விளம்பரம் ஓடப்போகிறதோ அந்த நாட்டில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அரசு தந்த அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு குறியீட்டு எண் வந்து, அதை உள்ளிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்ற முறையும் இருந்தது. தபால்காரர் வரும் வரை காத்திருக்க வேண்டிய வேலைக்கு நாள் குறிக்க யாராலும் முடியாது.

அட்டையை அனுப்பிய பிறகு பதில் இரண்டு நாளுக்குள் வருவதுதான் வழக்கம். ஆனால் திருப்பி அனுப்புவது இந்தக் கட்டத்தில்தான் அதிகம், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பெயர் பொருந்தாதது. கணக்கில் கூப்பிடும் பெயர் இருக்கும், அட்டையில் முழுப் பெயர் இருக்கும். அல்லது அட்டையில் இனிஷியல் முன்னால், கணக்கில் அப்பா பெயர் பின்னால். நமக்கு இரண்டும் ஒரே ஆள். ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு அப்படி இல்லை. அட்டையை அனுப்புவதற்கு முன்னாலேயே கணக்கின் பெயரை அட்டையில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். பெயர் மாற்றியதும் அதை உடனே மறுபடி மாற்ற விடமாட்டார்கள், அதனால் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் செய்யுங்கள். இன்னொரு காரணம் படத்தில் விழும் வெளிச்சம். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அட்டையை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பிறந்த தேதி இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். உறையிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய எடுங்கள்.

இரண்டாவது கட்டம், அறிவிப்பை உருவாக்குவது. விளம்பரத்தின் தலையில் `Paid for by` என்று வந்து அதன் பின்னால் ஒரு பெயர் நிற்குமே, அந்தப் பெயர். டிஸ்க்ளெய்மர் என்பது இதுதான். அடையாளம் உறுதியான பேஜ் அட்மின் ஒருவர்தான் இதை உருவாக்கி, எந்தெந்த விளம்பரக் கணக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று இணைக்க முடியும். உங்கள் பேஜின் அட்மின் ஒருவர், விளம்பரம் போடுபவர் வேறொருவர் என்றால் இருவருமே முதல் கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் சறுக்கும் இடம் இது. பேஜ் தொடங்கிக் கொடுத்த பழைய தன்னார்வலர்தான் இன்னமும் ஒரே அட்மின், அவர் இரண்டு வருடமாகத் தொடர்பிலேயே இல்லை என்ற கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெயரில் அமைப்பின் பெயரைப் போட வேண்டும் என்றால் அமைப்பு உண்மையானது என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2019இல் இதற்கென்று அடுக்கடுக்காக வழி வைத்தார்கள். வரி எண்ணோ தேர்தல் ஆணையப் பதிவெண்ணோ உள்ளவர்கள் அதைக் கொடுத்து உறுதிசெய்யப்பட்ட அமைப்பு என்ற நிலையைப் பெறலாம். அது இல்லாத சிறியவர்கள் முகவரி, தொலைபேசி எண், இணையதளம், அந்த இணையதளத்தின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுக்கலாம். எதுவுமே இல்லையென்றால் அட்மினின் சொந்தச் சட்டப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற நாடுகளில் கேட்கும் ஆவணம் மாறும், ஆனால் யோசனை இதேதான். இலவச மின்னஞ்சல் முகவரியை வைத்துக் காலம் தள்ளும் அமைப்புகள் இங்கே ஒரு நாளை இழக்கும். தளத்தின் பெயரில் ஒரு அஞ்சல் பெட்டி திறந்து, அதில் வரும் எண்ணைப் படித்து உள்ளிட வேண்டியிருக்கும்.

தொலைபேசியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு தடவை நாங்கள் கொடுத்திருந்தது அலுவலகப் பொது எண். அதை அழைத்தால் "இந்தப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று பதிவுசெய்த குரல்தான் எடுக்கும். உறுதிசெய்யும் எண்ணைச் சொல்ல வந்த அழைப்பும் பதிவுசெய்த குரல்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருந்தன. நாங்கள் மூன்று மணி நேரம் ஏன் எண் வரவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரடியாக ஒரு மனிதர் எடுக்கும் எண்ணைக் கொடுங்கள்.

மூன்றாவது கட்டம், விளம்பரத்தையே புதிதாக ஏற்றுவது. ஆட்ஸ் மேனேஜரில் பிரசாரத்தைத் தொடங்கும்போதே `Special ad categories` என்ற இடத்தில் `Social issues, elections or politics` என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு விளம்பர அளவில் உங்கள் டிஸ்க்ளெய்மரை இணைக்க வேண்டும். ஒரு பதிவை பூஸ்ட் செய்தாலும் இதே அறிவிப்பைக் கேட்கும். அங்கே அந்தப் பொத்தான் கண்ணில் படாமல் போவது வாடிக்கை. நிறுத்தப்பட்ட பழைய விளம்பரத்தை ஒட்டுப்போட்டு எழுப்ப நான் முயல்வதில்லை, பிரதி எடுத்துப் புதிதாக ஏற்றிவிடுவேன். படமோ ஒலியோ காணொளியோ நிஜம் போலத் தோன்றும்படி கணினியில் உருவாக்கப்பட்டதோ மாற்றப்பட்டதோ என்றால் அதையும் சொல்ல வேண்டும். இது 2024 தொடக்கத்திலிருந்து கட்டாயம். வெட்டுவதும் நிறம் கூட்டுவதும் இதில் சேராது. இறந்த மீன்கள் மிதக்காத ஆற்றுப் படத்தில் மீன்களை மிதக்கவிட்டிருந்தால் சேரும்.

ஏற்றிய பிறகு ரிவ்யூ. சாதாரண விளம்பரங்கள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தேறிவிடும். இந்த வகை இரண்டு மூன்று நாள் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம், தேர்தல் நெருங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து வரிசையில் நிற்பதால் இன்னும் இழுக்கும். எந்தத் தளமும் இதற்குக் கெடு எழுதித் தருவதில்லை. அதனால் "மெட்டா 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே" என்று அதன் மேல் ஒரு தேதியைக் கட்டிவைத்தால் அது உங்கள் பொறுப்பு.

ரிவ்யூவில் இருக்கும் விளம்பரத்தையும் தேறி ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தையும் தொடாமல் இருக்கப் பழக வேண்டும். வாசகத்தையோ படத்தையோ யாருக்குக் காட்டுவது என்பதையோ மாற்றினால் ரிவ்யூ முதலிலிருந்து தொடங்கும். தொட்டவர் அனுமதி பெறாதவராக இருந்தால் இன்னும் மோசம். ஒரு பிரசாரத்தில் விளம்பரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் வடிவமைப்பாளர் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ஒற்றெழுத்து விடுபட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடு, யாரையும் எழுப்பாமல் தானே சேர்த்துவிட்டார். அவர் அந்த நாட்டுக்கு அனுமதி பெற்றவர் இல்லை. சனிக்கிழமை காலையில் விளம்பரம் நின்றுகிடந்தது. நான் மறுபடி ஏற்றி, அது மறுபடி தேறித் திங்கள் மதியம் ஓடத் தொடங்கியது. ஒரு ஒற்றெழுத்துக்கு இரண்டரை நாள். அதற்குப் பிறகு வாசகத்தை ஏற்றும் முன்பே இரண்டு பேர் சத்தமாகப் படித்துவிடுகிறோம், விளம்பரக் கணக்கில் திருத்தும் உரிமை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான்.

தேறிய அன்றே முழு வேகத்தில் ஓடும் என்றும் நினைக்காதீர்கள். யாருக்குக் காட்டினால் பலன் என்று ஃபேஸ்புக்கின் விளம்பர இயந்திரம் கற்றுக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. நீங்கள் எதிர்பார்க்கும் செயல், உதாரணமாக மனுவில் கையெழுத்து, ஒரு வாரத்தில் சுமார் 50 தடவை நடந்தால்தான் அது அந்த நிலையைத் தாண்டும். சின்ன பட்ஜெட்டில் கையெழுத்தை இலக்காக வைத்தால் வாக்கெடுப்பு வரைக்கும் தாண்டாது. நாள் குறைவாக இருக்கும்போது இலக்கைக் கீழே இறக்கி, இணைப்பைச் சொடுக்கிப் பக்கத்தைத் திறப்பவர்களை மட்டும் குறிவைப்பது நல்லது. அது எளிதில் கிடைக்கும், சீக்கிரம் நிலைபெறும்.

உங்கள் 12 நாளை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள், அதாவது இன்று, பேஜ் அட்மின் யார் யார் என்று பார்த்து, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, இருவரின் கணக்குப் பெயரையும் சரிசெய்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அடையாள அட்டைகளை அனுப்புங்கள். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டால் மற்றவரை வைத்து வேலையை நகர்த்தலாம். அந்த இரண்டு நாள் காத்திருப்பில் தளத்தின் பெயரில் மின்னஞ்சல், எடுக்கும் ஆளுள்ள தொலைபேசி, அமைப்பின் பதிவு ஆவணம் மூன்றையும் தயாராக வையுங்கள். மூன்றாம் நாள் டிஸ்க்ளெய்மர், அது தேற ஒன்றிரண்டு நாள். ஐந்தாம் நாள் காலையில் விளம்பரங்களை ஏற்றுங்கள். மூன்று நாள் ரிவ்யூ என்றால் எட்டாம் நாள் ஓடும். ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு தடவை திருப்பி அனுப்பினால் பத்தாம் நாள். அப்போதும் இரண்டு முழு நாள் கையில் இருக்கும். இரண்டு தடவை திருப்பி அனுப்பினால்? பத்தாம் நாள் வரை எதுவும் ஓடவில்லையென்றால் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவழிக்க இப்போதே ஒரு முடிவு எடுத்து வையுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

ஐந்தாம் நாள் ஏற்றும்போது எல்லாவற்றையும் ஒரே அச்சில் ஏற்றாதீர்கள். ஒரு விளம்பரம் மிக எளிமையாக இருக்கட்டும்: உங்கள் ஆற்றின் படம், இரண்டு வரி, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல். எந்த ஆலையையும் பெயர் சொல்லித் தாக்காத அது தேறும் வாய்ப்பு அதிகம். காரமானவை பின்னால் வரட்டும். அதே மாதிரி "இன்னும் 7 நாளே" என்ற வரியைப் படத்தில் எழுதாதீர்கள். ரிவ்யூவுக்குள் அது 5 நாளாகிவிடும், திருத்தினால் மறுபடி ரிவ்யூ. தேதியைப் போடுங்கள், தேதி பழையதாகாது. பட்ஜெட்டையும் 12 நாளுக்கு வகுக்காமல் கடைசி நான்கு நாளுக்கு வகுத்துப் பாருங்கள். அந்த நான்கு நாளில் அவ்வளவையும் செலவழிக்கும் அளவுக்கு உங்கள் வட்டாரத்தில் ஆள் இருக்கிறார்களா என்பது அப்போது தெரியும். சின்ன ஊரில் நான்கு நாளில் பணத்தைக் கொட்டினால் ஒரே ஆள் ஒரே விளம்பரத்தைப் பத்துத் தடவை பார்ப்பார்.

உங்களுக்கு இப்போது பொருந்தாது, ஆனால் பெரிய தேர்தலோடு உங்கள் பிரசாரம் என்றாவது மோதினால் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2020 தேர்தலுக்கு முந்தைய வாரம் இந்த வகையில் புதிய விளம்பரங்களை ஃபேஸ்புக் ஏற்கவில்லை. அதற்கு முன்பே ஓடி, ஒருவர் கண்ணிலாவது பட்டிருந்த விளம்பரங்கள் மட்டும் தொடரலாம், அவற்றின் வாசகத்தையும் இலக்கையும் மாற்றக்கூடாது. 2022, 2024 தேர்தல்களிலும் இதே முறை. ஆக, பிரசாரக் குழுக்கள் கடைசி வாரத்துக்கான விளம்பரங்களை முன்கூட்டியே ஏற்றிச் சிறு தொகையில் ஒரு நாள் ஓடவிட்டு நிறுத்திவைத்தன. அப்படிச் செய்தும் 2020இல் தடை தொடங்கிய நாளில், முன்பே தேறியிருந்த விளம்பரங்கள் சில தொழில்நுட்பக் கோளாறால் தவறாக நின்றுபோனதை ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. "இன்றே வாக்களியுங்கள்" என்று முன்கூட்டியே ஏற்றியவர்களுக்கு வேறு சிக்கல்: அது ஓடும் நாளில் வாக்குப்பதிவு நாள் இல்லையே, வாக்காளரைத் தவறாக வழிநடத்துகிறது என்று நிறுத்தப்பட்டது. தேர்தலுக்குப் பிறகு போட்ட தடை சில நாளில் முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; ஜார்ஜியா மாநிலத்தின் செனட் இரண்டாம் சுற்றுத் தேர்தலுக்காக இடையில் விலக்கு தந்ததைத் தவிர்த்தால் அது 2021 மார்ச் 4 வரை நீண்டது. அந்தக் குளிர்காலத்தில் தேர்தலுக்குச் சம்பந்தமே இல்லாத சமூகப் பிரச்சினை விளம்பரங்களும் அதே தடையில் கிடந்தன.

"ஃபேஸ்புக் வேண்டாம், வேறெங்காவது போடுகிறேன்" என்று தோன்றினால், அங்கே விதி வேறாக இருக்கும். கூகுளில் பெரும்பாலான இடங்களில் கட்டுப்பாடு தேர்தல் விளம்பரத்துக்குத்தான்: வேட்பாளர், கட்சி, பதவியில் இருப்பவர், சில இடங்களில் வாக்காளர் முன் வைக்கும் கேள்வி. வேட்பாளர் பெயரே இல்லாத உங்கள் ஆற்று விளம்பரம் அங்கே அந்த வகையில் சேராமலே போகலாம். உங்கள் வாக்கெடுப்பு மக்கள் நேரடியாகப் போடும் வாக்கா, சபை உறுப்பினர்கள் போடும் வாக்கா என்பதைப் பொறுத்து அது மாறும், முதலில் அதைப் பாருங்கள். சேர்ந்தால் அங்கும் அடையாளச் சரிபார்ப்பு உண்டு. வயது, பாலினம், அஞ்சல் குறியீட்டு அளவிலான இடம், விளம்பரம் தோன்றும் பக்கத்தின் பொருள் தவிர வேறு எதை வைத்தும் ஆளைப் பிரிக்க முடியாது. டிக்டாக்கும் லிங்க்ட்இனும் அரசியல் விளம்பரங்களையே ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபர் 10 முதல் அரசியல் விளம்பரங்களுக்கான வெளிப்படைத்தன்மைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. அதற்குக் கட்டுப்பட்டு நடத்துவது சிரமம் என்று மெட்டாவும் கூகுளும் அந்த நாடுகளில் இந்த வகை விளம்பரங்களையே நிறுத்திவிட்டன. அங்கிருந்து யாராவது இதே கேள்வியைக் கேட்டால், எத்தனை நாள் என்பதற்குப் பதிலே கிடையாது.

தளத்தின் அனுமதி கிடைத்துவிட்டால் சட்டப்படி எல்லாம் முடிந்தது என்றும் ஆகாது. இது இரண்டும் தனித்தனி. பிரிட்டனில் 2023 நவம்பர் முதல் டிஜிட்டல் பிரசாரப் பொருளில், யார் சார்பில் யார் வெளியிட்டார் என்ற பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டிஸ்க்ளெய்மரில் வரும் ஒரு பெயர் மட்டும் அதை நிறைவேற்றிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. உங்கள் நாட்டில் என்ன கேட்கிறார்கள் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் பக்கத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் படத்திலேயே அந்த வரியைச் சேருங்கள். நான் விளம்பரம் ஏற்றுகிறவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த வரியை ரிவ்யூ முடிந்த பிறகு சேர்க்க நினைத்தால் மறுபடி மூன்று நாள் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக, டிஸ்க்ளெய்மருக்கு நீங்கள் கொடுக்கும் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம், மெட்டா தன் விளம்பரங்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியமான ஆட் லைப்ரரியில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வரும். விளம்பரமும், தோராயமாக எவ்வளவு செலவு, எத்தனை பேர், எந்த வயதினர் பார்த்தார்கள் என்பதும் ஏழு ஆண்டு அங்கேயே இருக்கும். ஆலைக்காரர்களும் பார்ப்பார்கள். அதனால் யாருடைய வீட்டு முகவரியையும் சொந்தக் கைபேசி எண்ணையும் போடாதீர்கள். அட்மினின் சொந்தப் பெயரில் போடும் வழி இருக்கிறது என்றேன், ஒரு நாள் மிச்சமாகும் என்று அதை எடுப்பதற்கு முன் அவரிடம் இதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நிறுத்தப்பட்ட உங்கள் முதல் விளம்பரமும் அங்கே ஏற்கெனவே ஏறியிருக்கும். பேஜ் பெயரைத் தேடிப் பாருங்கள், டிஸ்க்ளெய்மர் இல்லாமல் ஓடியது என்ற குறிப்போடு நிற்கும். அதை எடுக்க முடியாது.